நான்கு போன், ஒரு சார்ஜர்: வேகம் எங்கே போகிறது?

வீட்டில் மின்சாதனம் பழுது பார்ப்பவன் என்று தெரிந்துவிட்டால் விருந்துக்குப் போன இடத்திலும் சாப்பாட்டுக்கு முன் ஏதாவது ஒன்றைக் கையில் கொடுத்துவிடுவார்கள். ஒரு காலத்தில் அது கிரைண்டராக இருந்தது, பிறகு டிவி ரிமோட். இந்த இரண்டு மூன்று ஆண்டுகளாகப் பெரும்பாலும் சார்ஜர்தான். கேள்வியும் அநேகமாக ஒன்றுதான்: "இதுல நாலு போர்ட் இருக்கு. ஒரு போன் போட்டா நல்லா ஏறுது. நாலையும் போட்டா எல்லாமே ஆமை மாதிரி ஏறுது. சாமான் டூப்ளிகேட்டா?"

பெரும்பாலும் டூப்ளிகேட் இல்லை. அந்தச் சார்ஜர் எப்படிச் செய்யப்பட்டதோ அப்படித்தான் நடந்துகொள்கிறது. பெட்டியின் முகப்பில் பெரிய எண் ஒன்று இருக்கும், பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் வேறு சில எண்கள் இருக்கும். நாம் காசு கொடுப்பது முகப்பைப் பார்த்து. வீட்டுக்கு வந்து பயன்படுத்துவது பின்பக்கத்தை.

முதலில் எளிய வகையைப் பார்ப்போம். எக்ஸ்டென்ஷன் போர்டில் மூன்று பின் பிளக்குகளுக்குப் பக்கத்தில் நான்கு யுஎஸ்பி போர்ட்கள் வரிசையாக இருக்குமே, அது. இங்குள்ள வீடுகளில் பாதிக் கட்டில்களின் தலைமாட்டில் அது ஒன்று கிடக்கும். அதன் அடியில் பெரும்பாலும் மொத்தம் 5 வோல்ட், 3.4 ஆம்பியர் என்ற அளவில் அச்சடித்திருப்பார்கள். ஐந்தையும் 3.4-ஐயும் பெருக்கினால் 17 வாட். நான்கு போர்ட்களுக்கும் சேர்த்து அவ்வளவுதான் இருப்பு. ஒரு போன் மட்டும் போட்டால் அது பத்து வாட் அளவுக்குத் தாராளமாக எடுத்துக்கொள்ளும். நான்கு போட்டால் சராசரியாக ஆளுக்கு நான்கு வாட் சொச்சம்.

ஒரே தண்ணீர்த் தொட்டி, நான்கு குழாய் என்று பலர் விளக்குவார்கள். அது பாதிதான் சரி. குழாயில் தண்ணீரைத் தள்ளுவது தொட்டி. சார்ஜரோ எதையும் தள்ளுவதில்லை. 5 வோல்ட்டை வைத்துக்கொண்டு சும்மா நிற்கிறது, அவ்வளவுதான். எவ்வளவு மின்சாரம் இழுப்பது என்று முடிவு செய்வது போனுக்குள் இருக்கும் சிறு சிப். அந்தச் சிப் முதலில் கொஞ்சம் இழுத்துப் பார்க்கும், பிறகு இன்னும் கொஞ்சம். இழுக்க இழுக்க, வரும் வோல்ட் அளவு 5-லிருந்து மெல்லச் சரியும். நாலரை வோல்ட்டை நெருங்கினால், "இந்தச் சார்ஜருக்கு இதற்குமேல் தாங்காது" என்று கணித்துத் தன் இழுப்பைக் குறைத்துக்கொள்ளும். இந்த அடக்கம் போன்களுக்கு இல்லாவிட்டால் மலிவு விலைச் சார்ஜர்கள் பல முதல் மாதமே கருகியிருக்கும்.

இதனால் ஒரு வேடிக்கை நடக்கிறது. நான்கு போன்களும் சமமாகப் பங்கு போட்டுக்கொள்வதில்லை. எந்தப் போனுக்கு வோல்ட் குறைவாகத் தெரிகிறதோ அது முதலில் விட்டுக்கொடுக்கிறது. குறைவாகத் தெரிவதற்குக் காரணம் பெரும்பாலும் கேபிள். மெல்லிய கம்பி உள்ள இரண்டு மீட்டர் கேபிளை எடுத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் போய்த் திரும்பவேண்டும் என்பதால் உண்மையில் நான்கு மீட்டர் கம்பி. மலிவுக் கேபிள்களில் இருக்கும் மெல்லிய செம்புக் கம்பியில் இது ஏறத்தாழ 0.85 ஓம் தடையாகிறது. ஒரு ஆம்பியர் ஓடினாலே வழியில் 0.85 வோல்ட் தொலைந்துவிடும். சார்ஜரிடமிருந்து 5 வோல்ட் கிளம்பினாலும் போன் வாசலுக்கு வந்து சேர்வது 4.15 வோல்ட். ஆகவே அந்த வீட்டில் நீளமான, மெலிந்த கேபிள் வைத்திருப்பவர் போன்தான் எப்போதும் கடைசியாக நிறையும். அநேகமாக அது கட்டிலின் தூரத்து ஓரத்தில் படுப்பவருடையது!

என்னிடம் யுஎஸ்பி மீட்டர் ஒன்று உண்டு. சார்ஜருக்கும் கேபிளுக்கும் நடுவில் செருகினால் வோல்ட், ஆம்பியர், வாட் மூன்றையும் சின்னத் திரையில் காட்டும். சிம் லிம் டவரில் உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும், விலையும் அதிகமில்லை. என் வீட்டு எக்ஸ்டென்ஷன் போர்டில் அதை வைத்துப் பார்த்தேன். தனியாக இருந்தபோது என் போன் 9.6 வாட் எடுத்தது. பக்கத்தில் இரண்டாவது போன் வந்ததும் எட்டாகக் குறைந்தது. மூன்றாவது வந்ததும் ஐந்தரை. நான்காவது வந்தபோது என்னுடையது ஐந்தில் நின்றது, ஆனால் பழைய நீளக் கேபிளில் இருந்த மனைவியின் போன் இரண்டரை வாட்டில் தத்தளித்தது. கேபிளை மட்டும் மாற்றிப் போட்டோம். நிலைமை அப்படியே தலைகீழ். போனும் போர்ட்டும் மாறவில்லை.

சரி, இரண்டரை வாட் என்பது எவ்வளவு மோசம்? இன்றைய போன் பேட்டரி பெரும்பாலும் 5,000 மில்லியாம்பியர் மணி. பேட்டரியின் சராசரி வோல்ட்டான 3.85-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 19 வாட் மணி. சார்ஜ் ஏறும்போது ஒரு பகுதி வெப்பமாக வீணாகும் என்பதால், வெறும் பேட்டரியை முழுதாக நிரப்ப சார்ஜரிலிருந்து 22 அல்லது 23 வாட் மணி தேவை. நான்கு வாட் வீதம் ஏழு மணி நேரம் தூங்கினால் 28 வாட் மணி. தாராளம். இரண்டரை வாட் என்றால் 17.5 வாட் மணி, காலையில் பூஜ்யத்திலிருந்து முக்கால்வாசிதான் ஏறியிருக்கும். இரவு படுக்கும்போது 30 விழுக்காடு மிச்சமிருந்தால் அதுவும் நிறைந்துவிடும். எனவே இரவு முழுக்க மெதுவாக ஏறுவதைப் பற்றி நான் யாருக்கும் கவலைப்படச் சொல்வதில்லை. சொல்லப்போனால் அது பேட்டரிக்கு நல்லது. வேகமாக ஏற்றினால் போன் சூடாகும், லித்தியம் பேட்டரியின் ஆயுளைத் தின்பதில் சூட்டுக்கு முக்கியப் பங்கு உண்டு. ஏர்கான் இல்லாத அறையில் இரவிலும் முப்பது டிகிரியை ஒட்டி இருக்கும் நம் ஊரில், தலையணைக்குப் பக்கத்தில் நான்கு வாட்டில் மெல்ல நிறையும் போன் பாக்கியசாலி.

கவலைப்பட வேண்டியது வேறொன்று. மிக மலிவான சில போர்டுகளில், மொத்த இழுப்பு எல்லையைத் தாண்டியதும் வோல்ட் மெல்லச் சரியாது. பாதுகாப்புச் சுற்று எல்லாப் போர்ட்டையும் ஒரேயடியாக அணைத்துவிடும். ஓரிரு வினாடி கழித்து மீண்டும் உயிர் வரும். நான்கு போன்களும் ஆவலாக இழுக்கும். மறுபடியும் அணையும். இரவு முழுதும் இதே கதை. படுத்திருக்கும்போது போன்கள் மாறி மாறி "டிங், டிங்" என்று ஒலித்துத் திரை மினுக்கினால் அதுதான் அறிகுறி. விளக்கை அணைத்து, ஒலியையும் அடக்கிவிட்டுப் படுப்பவர்களுக்கு இது தெரியாது. காலையில் எல்லாப் போனும் 40 விழுக்காட்டில் இருப்பதைப் பார்த்துவிட்டு, பேட்டரி போய்விட்டது என்று கடைக்கு ஓடுவார்கள். ஒரு போனைக் கழற்றிவிட்டு மூன்றை மட்டும் போட்டுப் பாருங்கள். ஒலி நின்றுவிட்டால் பேட்டரிமேல் பழி போடவேண்டாம்.

65 வாட், ஆனால் யாருக்கு?

இப்போது புதிய வகைக்கு வருவோம். அக்கா வீடு உட்லண்ட்ஸில் இருக்கிறது. அத்தான், அக்கா, பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் மகள், தேசிய சேவையில் இருக்கும் மகன். சாப்பாட்டு மேசையில் 65 வாட் சார்ஜர் ஒன்று. கையடக்கமானது, இரண்டு சி வகைப் போர்ட், ஒரு பழைய ஏ வகைப் போர்ட். ஞாயிறு மாலை மகன் முகாமுக்குத் திரும்பவேண்டும். சாப்பிட்டு, குளித்து, பை கட்ட நாற்பது நிமிடம். போனில் 20 விழுக்காடு. அந்த நாற்பது நிமிடத்தில் அது 42-க்கு மேல் ஏறுவதே இல்லை என்பது வாராவாரம் சண்டை.

"65 வாட்டுன்னு போட்டிருக்கான், இவன் போனுக்கு 25 போதும். அப்புறம் என்னடா?" என்றார் அக்கா. நியாயமான கேள்வி.

மேசையைப் பார்த்தேன். சி1 என்று எழுதிய முதல் போர்ட்டில் மகளின் மடிக்கணினி. சி2-வில் மகன் போன். ஏ போர்ட்டில் அக்காவின் பழைய போன். மீட்டரை எடுத்து ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தேன். மடிக்கணினி ஏற்கெனவே நிறைந்துவிட்டது, வெறும் 6 வாட்தான் எடுத்துக்கொண்டிருந்தது. மகன் போன் 8 வாட். அக்கா போன் ஆறரை. மூன்றையும் கூட்டினால் இருபதரை. 65 வாட் சார்ஜரில் 44 வாட் சும்மா இருக்கிறது, பையன் போனோ பசியோடு இருக்கிறது.

காரணம் சார்ஜரின் அடியில், பூதக்கண்ணாடி கேட்கும் எழுத்தில் இருந்தது. சி1 மட்டும் என்றால் 65 வாட். சி1, சி2 இரண்டும் என்றால் 45-ம் 20-ம். சி1, ஏ என்றால் 45-ம் 18-ம். மூன்றும் என்றால் சி1-க்கு 45, சி2-வுக்கும் ஏ-வுக்கும் சேர்த்து 15. அதாவது மூன்றாவது சாதனத்தைச் செருகிய கணமே, மடிக்கணினிக்கு என்று 45 வாட்டை ஒதுக்கிவைத்துவிடுகிறது சார்ஜர். மடிக்கணினி அதைப் பயன்படுத்துகிறதா இல்லையா என்று திரும்பிப் பார்ப்பதில்லை. கல்யாண வீட்டில் பெரியவருக்கென்று ஒதுக்கிய நாற்காலி மாதிரி. அவர் எழுந்து போனாலும் அதில் வேறு யாரும் உட்காரக்கூடாது. யார் எவ்வளவு எடுக்கிறார்கள் என்று பார்த்து மறுபங்கீடு செய்யும் சார்ஜர்களும் இருக்கின்றன, ஆனால் வீடுகளில் நான் அதிகம் பார்ப்பது இந்த நாற்காலி ரகம்தான்.

அது ஒரு பாதி. அடுத்த பாதி இன்னும் சுவையானது. அக்காவிடம் அவர் போனை மட்டும் கழற்றச் சொன்னேன். மகன் போன் ஒரு வினாடி சார்ஜ் நின்று, மறுபடி "டிங்" என்றது. மீட்டர் 8-லிருந்து 20 வாட்டுக்குத் தாவியது. அக்கா எடுத்துக்கொண்டிருந்தது ஆறரை வாட்தான். அதை விட்டுக்கொடுத்ததற்குப் பையனுக்குப் பன்னிரண்டு வாட் கூடுதலாகக் கிடைத்தது. கணக்கு உதைக்கிறதல்லவா?

உதைக்கவில்லை. மாறியது வெறும் பங்கு அல்ல, வோல்ட். சி வகைப் போர்ட்டில் போனும் சார்ஜரும் முதலில் பேரம் பேசுகின்றன. "என்னிடம் 5 வோல்ட், 9 வோல்ட், 15, 20 இருக்கிறது, ஒவ்வொன்றிலும் இவ்வளவு ஆம்பியர் தரமுடியும்" என்று சார்ஜர் பட்டியல் நீட்டும். "எனக்கு 9 வோல்ட் கொடு" என்று போன் கேட்கும். வேக சார்ஜ் என்பது இந்த 9 வோல்ட்டில்தான் நடக்கிறது. ஆனால் அக்கா வீட்டுச் சார்ஜருக்குள் இரண்டே மின்மாற்றுச் சுற்றுகள். ஒன்று சி1-க்குச் சொந்தம். மற்றொன்று சி2-வுக்கும் ஏ-வுக்கும் பொது. ஒரு சுற்று ஒரு நேரத்தில் ஒரு வோல்ட்டைத்தான் தரமுடியும். ஏ போர்ட்டில் இருக்கும் அக்காவின் பழைய போனுக்கு 5 வோல்ட்தான் தெரியும், 9 வந்தால் ஆபத்து. ஆகவே பக்கத்தில் ஒரு ஏ வகை விருந்தாளி வந்த உடனே, சார்ஜர் சி2-வின் பேரத்தை முறித்து, பட்டியலிலிருந்து 9 வோல்ட்டை எடுத்துவிட்டு, "இனி 5 வோல்ட் மட்டுமே" என்று புதுப் பட்டியல் நீட்டுகிறது. புதுப் போனைச் செருகும்போது பக்கத்துப் போன் ஒரு கணம் அணைந்து ஒலிப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அது கோளாறு அல்ல, மறுபேரம்.

"அப்ப என் போனை நான் எங்கே போடுறது?" என்றார் அக்கா.

நிறைந்துவிட்ட மடிக்கணினியைக் கழற்றினோம். மகன் போனை சி1-க்கு மாற்றினோம், அக்கா போனை ஏ-விலேயே விட்டோம். இப்போது இருவரும் வேறு வேறு சுற்றுகளில். மகனுக்கு 20 வாட்டுக்கு மேல், அக்கா போனுக்கு 9 வாட். அதுவே அந்தப் பழைய போன் எடுக்கக்கூடிய உச்சம். நாற்பது நிமிடத்தில், சராசரியாக 18 வாட் என்று வைத்தாலும், 12 வாட் மணி உள்ளே போகும். சேதாரம் கழித்து 10 வாட் மணி சொச்சம். 20 விழுக்காட்டில் இருந்த போன் 73-ஐத் தொட்டது. "அம்மா, இனிமே கம்ப்யூட்டரை என் ரூம்ல போட்டுக்கிறேன்" என்று மகள் தானாகவே சொன்னது எனக்கு வியப்புதான்.

மடிக்கணினி இல்லாமல் சி2-வையும் ஏ-வையும் மட்டும் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்றும் பார்த்தோம். சி1 காலியாக இருந்தும் இரண்டுக்கும் சேர்த்து 15 வாட்தான். வீட்டில் நிறையப் பேர் செய்வது இதுதான், ஏனென்றால் அந்த இரண்டும் மேசைப் பக்கம் திரும்பியிருக்கும். இரண்டு போன் மட்டும் போடுவதாக இருந்தால், ஒன்று எப்போதும் சி1-இல் இருக்கட்டும். மூன்று சி வகை, நான்கு சி வகை உள்ள சார்ஜர்களிலும் எந்த இரண்டு போர்ட்கள் பொதுச் சுற்றில் இருக்கின்றன என்று அடியில் உள்ள பட்டியலைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். "சேர்த்து 15" அல்லது இரண்டு போர்ட் பெயருக்கு நடுவில் ஒரே எண் வந்தால் அவைதான் ஜோடி.

இன்னொன்று. போன் இல்லாத வயர்லெஸ் தட்டும் ஒரு விருந்தாளிதான். மேல் ஒன்றும் வைக்காவிட்டாலும் அது சார்ஜரிடம் பேரம் பேசி ஒரு நாற்காலியைப் பிடித்து வைத்திருக்கும். அவசரத்துக்கு ஏற்றும்போது அதைக் கழற்றி வையுங்கள்.

மடிக்கணினியில் தொங்கும் நான்கு காது

அலுவலகம் போகும் இளையர்கள் பலர் இதைத்தான் செய்கிறார்கள். மடிக்கணினியில் ஒரு சின்ன யுஎஸ்பி ஹப், அதில் இரண்டு மூன்று போன், இயர்போன் பெட்டி. ஹப்புக்குத் தனியாக மின்சாரம் கொடுக்கும் அடாப்டர் இல்லை. இங்கே நிலைமை எக்ஸ்டென்ஷன் போர்டைவிட மோசம்.

கணினியின் பழைய யுஎஸ்பி 2.0 போர்ட், தரநிலைப்படி தருவது 500 மில்லியாம்பியர், அதாவது இரண்டரை வாட். யுஎஸ்பி 3.0 என்றால் 900, நாலரை வாட். ஹப் இதை உருவாக்குவதில்லை, பிரிக்க மட்டும் செய்கிறது. அதுவும் தனக்கென்று கொஞ்சம் எடுத்துக்கொண்டபிறகு. மூன்று போன் போட்டால் ஆளுக்கு ஒன்றரை வாட்கூட நிச்சயமில்லை. திரையை எரியவிட்டு வரைபடம் பார்த்துக்கொண்டோ ஹாட்ஸ்பாட் கொடுத்துக்கொண்டோ இருக்கும் போன் அதைவிட அதிகமாகவே செலவழிக்கும். சார்ஜ் ஆகிறது என்று மின்னல் குறி காட்டிக்கொண்டே விழுக்காடு இறங்குவது இதனால்தான்.

போன் இங்கே கொஞ்சம் மரியாதையாகவும் நடந்துகொள்கிறது. சுவர் சார்ஜரில் ஏ வகைப் போர்ட்டின் நான்கு தொடுமுனைகளில் தகவலுக்கான நடு இரண்டையும் உள்ளே ஒன்றாக இணைத்திருப்பார்கள். அதைக் கண்டதும் "இது சார்ஜர், தாராளமாக இழுக்கலாம்" என்று போன் தெரிந்துகொள்ளும். கணினியின் போர்ட்டிலோ அந்த இரண்டிலும் தகவல் ஓடுகிறது. "இது கணினி, அளவோடு எடுக்கவேண்டும்" என்று போன் தன்னையே 500 மில்லியாம்பியருக்குக் கட்டுப்படுத்திக்கொள்ளும். திரையில் Charging slowly என்று வந்தால் இந்த வாய்ப்பை முதலில் நினையுங்கள். வன்தட்டு ஒன்று அதே ஹப்பில் இருந்தால் நான் போனைப் போடவே மாட்டேன். மின்சாரம் குறைந்து நகல் எடுக்கும் நடுவில் வன்தட்டு துண்டிக்கப்பட்டால், போவது சார்ஜ் அல்ல, குழந்தைகளின் புகைப்படங்கள்.

மீட்டர் இல்லாமல் அளப்பது

எல்லாரும் மீட்டர் வாங்கவேண்டியதில்லை. போன் 30 முதல் 60 விழுக்காட்டுக்குள் இருக்கும்போது செருகுங்கள், திரையை அணைத்துவிடுங்கள், விழுக்காட்டைக் குறித்துக்கொண்டு சரியாக 15 நிமிடம் தொடாமல் விடுங்கள். 5,000 மில்லியாம்பியர் மணி பேட்டரி என்றால், எத்தனை விழுக்காடு ஏறியதோ ஏறத்தாழ அத்தனை வாட் கிடைக்கிறது. ஐந்து ஏறினால் ஐந்து வாட்டுக்குக் கொஞ்சம் குறைவு. இருபது ஏறினால் 18 வாட் போல. எண்கள் தற்செயலாகப் பொருந்திவருகின்றன, அவ்வளவுதான். பேட்டரி 4,000 என்றால் வந்த எண்ணில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்ளுங்கள். எண்பது விழுக்காட்டுக்கு மேல் இந்தச் சோதனை செல்லாது. அங்கே எந்தச் சார்ஜராக இருந்தாலும் போனே வேகத்தைக் குறைத்துவிடும்.

முதலில் தனியாகப் போட்டு அளந்துவிட்டு, பிறகு வீட்டிலுள்ள மற்றப் போன்களையும் போட்டு அளந்தால், சார்ஜர் எப்படிப் பங்கிடுகிறது என்று ஒரு மாலையிலேயே தெரிந்துவிடும். தனியாகவே மெதுவாக இருந்தால் கேபிளை மாற்றிப் பாருங்கள். கேபிள் மாற்றியும் மெதுவாக இருந்தால் போனின் போர்ட்டில் பஞ்சு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள், காற்சட்டைப் பையில் வைப்பவர்களுக்கு அது சகஜம்.

புதிதாக வாங்கப் போகிறவர்கள் எவ்வளவு வாட் வாங்குவது என்று கேட்பார்கள். இரவில் நான்கு போன் ஏற்ற மட்டும் என்றால், நான்கு போர்ட்டும் ஒரே சமயத்தில் ஆளுக்கு ஏழெட்டு வாட் தந்தால் ஏராளம். முப்பது வாட் மொத்தம் உள்ள சாதாரணப் பெட்டியே போதும், நூறு வாட்டுக்குக் காசு கொடுக்க வேண்டாம். அவசரத்துக்கு ஏற்றும் ஒரு போனுக்கு மட்டும் தனியாக ஒற்றைப் போர்ட் சார்ஜர் ஒன்றை வைத்துக்கொள்வது என் வழக்கம். பங்காளி இல்லாத சார்ஜரில் பேரமும் இல்லை. மடிக்கணினியும் போன்களும் ஒன்றாக என்றால்தான் பெரிய எண் தேவை. அப்போதும் முகப்பு எண்ணைப் பார்க்காமல், "எல்லாப் போர்ட்டும்" என்ற வரியைப் பாருங்கள். அந்த வரியே அச்சிடாத சார்ஜரை நான் வாங்குவதில்லை.

சூட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். மிக நல்ல சார்ஜரும் வாங்கும் மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்கை வெப்பமாக விடும். 65 வாட் முழுவதும் வெளியே போகும்போது தீப்பெட்டிகள் நான்கை அடுக்கிய அளவுள்ள அந்தப் பெட்டிக்குள் ஏழு வாட் வெப்பம். கையில் சூடாக இருப்பது இயல்பு. சில சார்ஜர்கள் அரை மணி நேரத்தில் சூடேறியதும் தாமாகவே மொத்த அளவைக் குறைத்துக்கொள்ளும். தொடக்கத்தில் வேகம், பிறகு மந்தம் என்றால் காரணம் அதுவாக இருக்கலாம். மெத்தைக்கும் சுவருக்கும் நடுவில் சொருகி வைக்காமல் காற்று படும் இடத்தில் வையுங்கள். தொட்டுக்கொண்டிருக்க முடியாத சூடு, கருகல் வாடை, பிளாஸ்டிக் பழுப்பேறுவது, போர்ட்டுக்குள் கேபிள் ஆடுவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்தச் சார்ஜர் வேண்டாம். சிங்கப்பூரில் பாதுகாப்புக் குறியும் மலேசியாவில் சிரிம் முத்திரையும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இணையத்தில் மூன்று வெள்ளிக்கு வரும் எட்டுப் போர்ட் பெட்டிகளில் அவை பெரும்பாலும் இருப்பதில்லை. பிளக்கின் மூன்று பின்களும் நம் சுவருக்குப் பொருந்தாமல், இடையில் ஒரு மாற்றி பிளக் போட்டு ஆடிக்கொண்டிருக்கும் சார்ஜரில் இரவு முழுக்க நான்கு போன்களை ஏற்றுவதை நான் என் வீட்டில் அனுமதிப்பதில்லை.

போன வாரம் அக்கா அழைத்தார். சார்ஜரில் சி1 பக்கத்தில் மகள் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்துவிட்டாளாம். அவசரம் உள்ளவர் அதில் போடவேண்டும் என்பது வீட்டுச் சட்டம். "ஆனா இப்ப எல்லாருக்கும் அவசரமா இருக்குடா" என்றார்.